அம்பைப் பார்த்து விடை சொல்லலாம்

பத்தாம் வகுப்புப் பயிற்சித்தாளைப் படமெடுத்து அனுப்பினால், முதலில் மங்குவது அம்புக்குறிதான். இடப்பக்கம் -1, 0, 1, 2. வலப்பக்கம் 0, 1, 4. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதன் வர்க்கத்துக்கு ஓர் அம்பு.

இடப்பக்க எண்கள் அனைத்திலிருந்தும் சரியாக ஒரே அம்பு கிளம்புகிறது; எனவே இது சார்பு. படத்தில் 0-இன் அம்பு தெரியாமல் போனால் ‘சார்பல்ல’ என்று தவறாக எழுதிவிடுவோம்!

இடப்பக்கம் முழுவதும் மதிப்பகம். அம்பு தொட்ட 0, 1, 4 வீச்சகம். -1, 1 இரண்டும் 1-க்கே செல்வதால் இது ஒன்றுக்கொன்றானதல்ல. வலப்பக்கத்தில் எதுவும் மிஞ்சாததால் மேல் சார்பு.

வலப்பக்கம் 9-ஐச் சேர்த்துப் பாருங்கள். அம்புகள் மாறவில்லை, வீச்சகமும் மாறவில்லை. ஆனால், 9-ஐ எந்த அம்பும் தொடாததால் இனி அது மேல் சார்பல்ல. வலப்பக்கக் கணத்தை எழுதாமல் ‘மேல் சார்பா?’ என்று கேட்கும் வினாவுக்கு விடையே கிடையாது.