ஆட்சியருக்கா, ஆட்சியரிடமா?

“பக்கத்து வீட்டுக்காரர் தாக்கிய என் மகன் மருத்துவமனையில் இருக்கிறான்.” காவல் நிலையத்துக்குப் புகார் எழுதும் ஒருவர் இந்த வாக்கியத்தில் ஓர் ‘ஐ’யைக் கூட்டிவிட்டார் என்று வையுங்கள். “பக்கத்து வீட்டுக்காரரைத் தாக்கிய என் மகன்” என்று ஆகிவிடும். அடி வாங்கியவன் அடித்தவனாகிவிட்டான். மற்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன, வரிசையும் மாறவில்லை. வழக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது.

உளுந்தூர்பேட்டையில் வட்டாட்சியர் அலுவலகம் பக்கம் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு மனு இருக்கும். அப்படி ஒரு தம்பி, இங்கிலீஷ் மீடியத்தில் படித்து என்ஜினீயரிங் முடித்தவர், டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார். “ஐயா, படிச்சா ஒரு மாதிரி இருக்கு. என்ன தப்புன்னு சொல்லத் தெரியல” என்றார். அவர் எழுதியிருந்தது இது:

“கடந்த திங்கட்கிழமையில் என்னால் ஆட்சியருக்கு வாய்க்கால் ஆக்கிரமிப்பு மேல் ஒரு மனு கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு இந்த பிரச்சினை உள்ளது.”

விஷயம் புரிகிறது. எழுத்துப்பிழை என்று பார்த்தால் ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் கரடுமுரடாக இருக்கிறது. காரணம், அவர் மனத்துக்குள் ஆங்கில வாக்கியம் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் ‘ஆன்’, ‘பை’, ‘டு’, ‘ஃபார்’ ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் உருபைத் தேடி ஒட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொற்கள் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். பெயர் அசையாமல் இருக்கும். தமிழில் உருபு பெயரின் வாலில் ஒட்டும், ஒட்டும்போது பெயரின் உருவத்தையே மாற்றிவிடும்: மாவட்டம் மாவட்டத்தில் ஆகும், வீடு வீட்டுக்கு ஆகும், ஆறு ஆற்றை ஆகும். அதைவிட முக்கியம், எந்த உருபு ஒட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் வினைதான் முடிவு செய்கிறது. அதனால் தம்பியிடம் தாளைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னேன்.

கடைசியில் என்ன இருக்கிறது? “கொடுக்கப்பட்டது.” யார் கொடுத்தது? “நான்தான்.” அப்படியானால் “கொடுத்தேன்” என்றே எழுதலாமே. ‘என்னால்’ என்ற சொல்லைத் தமிழன் காது முதலில் ‘முடியும்’, ‘முடியாது’ என்பதோடுதான் சேர்த்துக் கேட்கும். ஆல் உருபுக்கு இயல்பான வேலை கருவியையும் காரணத்தையும் காட்டுவது. 2024 நவம்பர் கடைசியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை வைத்தே சொல்லலாம். “புயலால் சுவர் இடிந்தது” என்றால் இடித்தது புயல். “புயலில் சுவர் இடிந்தது” என்றால் புயல் அடித்த சமயத்தில் இடிந்தது, காரணத்தைக் கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். நிவாரணம் கேட்டு எழுதும்போது முதலாவதை எழுதுவதுதான் புத்திசாலித்தனம். “வட்டாட்சியரால் வழங்கப்பட்ட சான்று” போன்றவை அலுவலக நடையில் வேரூன்றிவிட்டன. அவற்றைப் பிழை என்று தள்ள முடியாது. “வட்டாட்சியர் வழங்கிய சான்று” என்பது அதே செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறது என்பதால் நான் அதையே எழுதுவேன்.

சரி, வினை “கொடுத்தேன்” ஆகிவிட்டது. யாருக்குக் கொடுத்தார், அல்லது யாரிடம் கொடுத்தார்? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘டு’ ஒன்றேதான். இங்கேதான் தமிழ் ஒரு நுட்பமான வேலை செய்கிறது. “இந்தப் பணத்தைத் தம்பிக்குக் கொடு” என்றால் பணம் இனித் தம்பியுடையது. “தம்பியிடம் கொடு” என்றால் பணம் தம்பி கைக்குப் போகிறது, ஆனால் அவனுடையது ஆகிவிடவில்லை. அம்மாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவும் இருக்கலாம். நான்காம் வேற்றுமையின் ‘கு’ கொடைப் பொருளைச் சொல்வது. மனு ஆட்சியருக்குக் கொடை இல்லை. அவர் வாங்கி, உரிய துறைக்கு அனுப்ப வேண்டிய தாள். எனவே “ஆட்சியரிடம் கொடுத்தேன்”.

“அப்ப அனுப்பினா?” என்று கேட்டார் தம்பி. நல்ல கேள்வி. அனுப்பு என்ற வினை போய்ச்சேரும் திசையைக் கேட்கிறது, ஆகவே “ஆட்சியருக்கு அனுப்பினேன்”. எழுதினாலும் “ஆட்சியருக்கு எழுதினேன்”. நேரில் பார்த்தால் “ஆட்சியரைச் சந்தித்தேன்”. பதில் வாங்கினால் “ஆட்சியரிடமிருந்து பெற்றேன்”. ஆட்சியர் ஒருவர்தான், நாற்காலியும் மாறவில்லை, வினை மாற மாற வாலில் ஒட்டுவது மாறுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இடத்துக்கு ‘இல்’ வரும், ஆளுக்கு ‘இடம்’ வரும். “ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன்”, “ஆட்சியரிடம் கொடுத்தேன்”.

‘திங்கட்கிழமையில்’ என்பதை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு நாளுக்குத் தமிழில் உருபே வேண்டாம்: “கடந்த திங்கட்கிழமை”. வேண்டுமானால் “அன்று” சேர்க்கலாம். வாராவாரம் நடப்பதைச் சொன்னால் “திங்கட்கிழமைகளில் குறைதீர் கூட்டம் நடக்கும்” என்று ‘இல்’ வரும். மணிக்கு ‘கு’ வரும், ஆண்டுக்கு ‘இல்’ வரும்: காலை 10 மணிக்கு, 2019இல்.

இனி ‘ஆக்கிரமிப்பு மேல்’. டீ ஆறினாலும் பரவாயில்லை, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மனுவின் மீது நடவடிக்கை எடுக்கலாம், ஒருவர் மேல் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லும் மனு அந்த விஷயத்தின் மேல் ஏறி உட்காருவதில்லை. அதற்குக் ‘குறித்து’ அல்லது ‘பற்றி’ வேண்டும். இவை உருபுகள் இல்லை, உருபுபோல வேலை செய்யும் சொற்கள். சொல்லுருபு என்பார்கள். ஆங்கில முன்னிடைச் சொல்லுக்குத் தமிழில் நேர் உறவு என்றால் இவைதான். ஒரே வித்தியாசம், இவை பெயருக்குப் பின்னால் வரும், வரும்போது பெயரின் வாலில் ஓர் உருபையும் கேட்கும்.

எந்த உருபைக் கேட்கும்? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று பார்த்தால் போதும். ‘பற்றி’ என்பது பற்று என்ற வினையிலிருந்து வந்தது. எதைப் பற்றுவது? ‘எதை’ என்ற கேள்வியிலேயே ஐ இருக்கிறது. குறித்து, நோக்கி, சுற்றி, ஒட்டி, தவிர, விட எல்லாமே பிறப்பால் வினைகள். சொல்லுருபாக மாறிய பிறகும் பழைய பழக்கத்தை விடவில்லை, ஐ கேட்கின்றன: ஏரியைச் சுற்றி, வாய்க்காலை ஒட்டி, மலையை நோக்கி, அவரைத் தவிர. அருகு, பக்கம், எதிர், முன், பின், மேல், கீழ், உள் ஆகியவை இடத்தைக் குறித்த பெயர்கள். எதற்கு அருகில்? எதன் அருகில்? அவை ‘கு’வை அல்லது ‘இன்’னை ஏற்கின்றன: ஏரிக்கு அருகில், ஏரியின் அருகில். ஆகவே ஒரே ஏரிதான், சுற்றி வந்தால் ஐ, பக்கத்தில் நின்றால் கு. ‘இல்லாமல்’ மட்டும் வினையாக இருந்தும் ஐ கேட்காது. “தண்ணீர் இல்லை” என்பதில் தண்ணீர் எழுவாய் அல்லவா? அதனால் “தண்ணீர் இல்லாமல்” என்றும் வெறுமனே நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் ‘ரிகார்டிங்’, ‘கன்சர்னிங்’ எல்லாம் வினையாகப் பிறந்தவைதாம். அங்கே பெயருக்கு வால் முளைப்பதில்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. மூலம், வரை, வழியாக ஆகியவை பெயரை அப்படியே ஏற்கும். உளுந்தூர்பேட்டையிலிருந்து எலவனாசூர்க்கோட்டை வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறோம்: கிளம்பும் இடத்துக்கு ‘இலிருந்து’, சேரும் இடத்துக்குக் ‘கு’, நடுவில் இருக்கும் ஊர் வெறும் பெயர். பத்திரிகைகளில் “ஆக்கிரமிப்பு குறித்து” என்று ஐ இல்லாமல் எழுதுகிறார்கள். அஃறிணைக்கு ஐ மறைந்து வருவது தமிழில் பழைய வழக்கம்தான், தவறில்லை. அப்படி மறைந்தால் க் ஒற்றும் வராது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ‘பின்’ என்பதிலும் ஒரு கவனம் தேவை. பெயருக்கு அடுத்து வந்தால் “மழைக்குப் பின்”, வினைக்கு அடுத்து வந்தால் “மழை பெய்த பின்”.

அடுத்தது “மூன்று ஆண்டுகளுக்கு”. ஆங்கில ‘ஃபார்’ இங்கே தம்பியை நன்றாகவே ஏமாற்றிவிட்டது. “நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டேன்” என்றால் அது இனி ஓடப்போகும் காலம். தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் காலத்துக்கு ‘ஆக’ வேண்டும்: “மூன்று ஆண்டுகளாக”. மனுவில் இது சின்ன விஷயமில்லை. அதிகாரி முதலில் தேடுவது பிரச்சினை எப்போதிலிருந்து இருக்கிறது என்பதைத்தான்.

ஒற்று பற்றியும் கேட்டார். உருபு சரியாகத் தெரிந்தால் ஒற்றில் பாதி தானாக வந்துவிடும். ஐக்கும் கு-வுக்கும் பின்னால் க, ச, த, ப வரிசை எழுத்துகளில் தொடங்கும் சொல் வந்தால் ஒற்று மிகும்: மனுவைக் கொடுத்தேன், ஏரிக்குச் செல்லும். இல், ஆல், இன், இடம் ஆகியவற்றுக்குப் பின்னால் மிகாது: ஏரியில் தண்ணீர், மழையால் சேதம். ‘ஆக’வுக்குப் பின்னால் மிகும். அவர் எழுதிய ‘இந்த பிரச்சினை’ மட்டும் உருபு சம்பந்தப்பட்டதில்லை. அந்த, இந்த, எந்த ஆகிய மூன்றுக்கும் பின்னால் எப்போதும் மிகும். ‘மாவட்டத்துக்கு’ சரியா, ‘மாவட்டத்திற்கு’ சரியா என்று சிலர் சண்டை போடுவார்கள். இரண்டும் சரி. ஒரு மனுவில் ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொண்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

இவ்வளவும் பேசிய பிறகு அந்தத் தாளின் பின்பக்கத்தில் தம்பியே எழுதினார்:

“எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள ஏரிக்குச் செல்லும் வாய்க்காலை ஒட்டி மூன்று ஆண்டுகளாக ஆக்கிரமிப்பு உள்ளது. இதைக் குறித்துக் கடந்த திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனு கொடுத்தேன்.”

“ஒட்டியா, உள்ளேயா?” என்று கேட்டேன். வாய்க்காலை ஒட்டி என்றால் கரையோரம். வாய்க்காலுக்குள் என்றால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே கட்டியிருக்கிறார்கள். அளக்க வருபவர் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்கே நின்று பார்ப்பது என்று முடிவு செய்வார். தம்பி யோசித்தார். “கொட்டகையோட ரெண்டு தூண் உள்ளதான் நிக்குது” என்றார். ‘வாய்க்காலை ஒட்டி’யை அடித்துவிட்டு ‘வாய்க்காலுக்குள்’ என்று எழுதினார்.

“கடைசி வரிக்கு என்ன போடட்டும்? தங்களுக்குக் கேட்டுக்கொள்கிறேனா, தங்களைக் கேட்டுக்கொள்கிறேனா?” கேட்டுக்கொள் என்ற வினைக்கு ஐதான் வேண்டும். “வாய்க்காலை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.” மேலே அனுப்புநர், பெறுநர் என்று தலைப்பிட்டு எழுதும் முகவரிகளுக்கு மட்டும் எந்த உருபும் வேண்டாம். அந்தத் தலைப்புகளே உருபின் வேலையைச் செய்துவிடுகின்றன.

போகும்போது, “ஊர் பேர்ல ப் போடணுமா ஐயா, உளுந்தூர்ப்பேட்டைன்னு?” என்றார். வருவாய்த் துறைப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், மனுவில் ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் பதிவோடு ஒத்துப்போனால்தான் வேலை நடக்கும் என்றேன்.