முழத்தில் இருக்கிறது பேரம்

மல்லிகைப் பூ விற்கும் அக்காவிடம் காலையில் பேரம் அவ்வளவாகப் பலிக்காது. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் உதிரி மொட்டைக் கிலோ கணக்கில் வாங்கி, உட்கார்ந்து தொடுத்திருப்பார். போட்ட முதல் கைக்கு வரும்வரை இறங்க மாட்டார். போணிக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்; முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. முகூர்த்த நாளில் கொள்முதலே ஏறியிருக்கும், அன்று கேட்காதீர்கள்.

முழம் 40 ரூபாய் என்றால், “முப்பதுக்குத் தாங்க” என்று அடிக்கக் கூடாது. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை அளக்கும் முழம் சத்தமில்லாமல் சுருங்கும். அல்லது நெருக்கமில்லாத சரம் வரும், பூவுக்குப் பூ நார் தெரியும். “மூணு முழம் நூறுக்குக் குடுங்கக்கா” என்று கேட்டுப் பாருங்கள். கூடை சீக்கிரம் காலியாவது அவருக்கும் நல்லது. பெரும்பாலும் சம்மதிப்பார்.

பொழுது சாய்ந்தால் மொட்டு விரியும். விரிந்த பூ மறுநாள் விலைபோகாது. அதனால் இரவு எட்டு மணிக்குமேல் அவரே குறைத்துச் சொல்வார். அது ஏற்கெனவே இறங்கிய விலை. அப்போது கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.