மாறாத தவணை, நீளும் கடன்

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பலரும் மாதத் தவணை சரியாகப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். வட்டி ஏறினால் தவணையும் ஏறும் என்பது அவர்கள் எண்ணம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வங்கி தவணையைத் தொடாமல், கட்ட வேண்டிய மாதங்களைக் கூட்டிவிடும்.

2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்படுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஒன்பது மாதங்களில் பலருடைய கடன் அவர்களுக்குத் தெரியாமலே நீண்டது.

இதை ஸ்டேட்மென்ட்டில் கண்டுபிடிக்கலாம். தவணையை விட்டுவிட்டு, மாதாமாதம் பற்று வைக்கும் வட்டித் தொகையை வரிசையாகப் பாருங்கள். அசல் குறையக் குறைய அதுவும் மெல்லக் குறைய வேண்டும். திடீரென எகிறினால், அந்த மாதம் வட்டி மாறியிருக்கிறது. அந்தத் தொகையை 12-ஆல் பெருக்கி, நிலுவை அசலால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் வட்டி விகிதம் வந்துவிடும். நாள் கணக்கில் வட்டி போடும் வங்கிகளில், 30, 31 நாள் மாதங்களுக்கிடையே சிறு வித்தியாசம் இருக்கும். அது வட்டி மாற்றம் அல்ல.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 லட்சம் கடன், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி என்றால் தவணை 23,259 ரூபாய். நிலுவை 28 லட்சமாகும்போது மீதி சுமார் 208 மாதங்கள். அப்போது வட்டி 9 சதவீதமானால், முதல் மாத வட்டி மட்டும் 21,000 ரூபாய். தவணையில் அசலுக்குப் போவது 2,259 ரூபாய்தான். மீதி மாதங்களை எக்ஸெல்லில் இப்படிக் கணக்கிடலாம்:

```
=NPER(9%/12,-23259,2800000)
```

விடை 312. அதாவது 104 தவணைகள் கூடுதல், ஏறத்தாழ 24 லட்சம் ரூபாய். தவணையை 26,628 ரூபாயாக உயர்த்தியிருந்தால் அதே 208 மாதங்களில் கடன் முடியும். கூடுதல் செலவும் சுமார் 7 லட்சத்தோடு நின்றிருக்கும்.

வட்டி குறையும்போதும் இதே கணக்கைப் போடுங்கள். ரெப்போ இறங்கி மூன்று மாதம் கடந்தும் வட்டிப் பற்று குறையவில்லை என்றால் வங்கியில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேளுங்கள்.

வட்டியைத் திருத்தும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்ததா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மீதித் தவணைகளின் எண்ணிக்கையும் ஆண்டு வட்டி விகிதமும் கொண்ட அறிக்கையைக் காலாண்டுதோறும் தர வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. அடுத்த அறிக்கை வந்ததும் மீதித் தவணை எண்ணிக்கையை முந்தைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள். மூன்று குறைந்திருக்க வேண்டிய இடத்தில் கூடியிருந்தால், அன்றே வங்கிக்குப் போய்த் தவணையை உயர்த்தச் சொல்லுங்கள்.