கடைச் சாமானும் கொண்டுசேர்க்கும் கூலியும்

முன்னாளில் வீட்டுக்குச் சாமான் தேவைப்பட்டால் வீட்டிலுள்ள சிறுவனிடம் சீட்டையும் பையையும் கொடுத்துச் சந்திக் கடைக்கு அனுப்புவது வழக்கம். அவன் நடந்த நடைக்கு எவரும் கணக்கு எழுதியதில்லை. இன்றோ அச்சீட்டு கைத்தொலைபேசியிலுள்ள செயலியின் வழியாகக் கடைக்குச் செல்கின்றது. கடைக்காரரின் ஆள் மோட்டார் சைக்கிளில் சாமானைப் படலை வரைக்கும் கொண்டுவந்து தருகின்றான். நடை கடையின் பொறுப்பாகிவிட்டபடியால் அதற்குக் கூலி குறிக்க வேண்டிய தேவையும் எழுந்துள்ளது. இக்கூலி எவ்வாறு கணிக்கப்படுகின்றது? இன்ன தொகைக்குக் குறைந்த சாமான் அனுப்பப்படமாட்டாது என்று செயலி மறுப்பது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒரே கணக்கில் அடங்கியிருக்கின்றது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியை அண்டி ஒரு பலசரக்குக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்கடைக்காரர் முதலில் அறியவேண்டியது, ஒரு முறை சாமான் கொண்டுசேர்க்கத் தமக்கு உண்மையில் என்ன செலவாகின்றது என்பதாகும். இங்கே கூறப்படும் தொகைகள் கணக்கின் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு கடைக்காரரும் தம்முடைய தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சாமான் கொண்டுசெல்பவனுக்கு எட்டு மணி நேர வேலைக்கு நாட்கூலி 2,400 ரூபாய் எனில், ஒரு நிமிடத்தின் விலை 5 ரூபாய் ஆகின்றது. பொதியை வண்டியில் ஏற்றி, வீட்டைத் தேடிக் கண்டு, படலையில் அழைத்து, சாமானை ஒப்படைத்துப் பணம் பெறுவதற்குப் பத்து நிமிடங்கள் செல்லும். அதற்கு 50 ரூபாய். கடையினுள் சாமானை நிறுத்தெடுத்துப் பொதிசெய்யும் கூலியும் பையின் விலையும் சேர்ந்து 40 ரூபாய். ஆகவே வீடு அருகிலிருந்தாலும் தொலைவிலிருந்தாலும் 90 ரூபாய் மாறாச் செலவாக நிற்கின்றது. இனி ஓட்டத்தின் செலவு. பெற்றோல், ரயர், பழுதுபார்த்தல் எல்லாம் சேர்ந்து கிலோமீற்றருக்கு 15 ரூபாய். அத்தூரத்தை ஓடும் மூன்று நிமிடங்களுக்கு மேலும் 15 ரூபாய். போவதும் வருவதுமாக இரட்டித்தால், வீடு ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்குந்தோறும் 60 ரூபாய் கூடும்.

இதில் தூரம் என்று சொல்லப்படுவது எத்தூரம் என்பதிலேதான் முதற் பிழை நேர்கின்றது. செயலியானது கடையிருக்கும் இடத்தையும் வீடிருக்கும் இடத்தையும் அகலாங்கு நெட்டாங்குகளால் அறிந்து, இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரத்தை எளிதில் கணித்துவிடும். காகம் பறக்கும் தூரம் அது. வண்டி செல்லும் தூரமன்று. காரைநகரையும் ஊர்காவற்றுறையையும் எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இடையிலே கிடப்பது ஒடுங்கிய கடல். ஒரு கரையிலிருந்து மறுகரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் மிதவையில் ஏறாமல் தரைவழியே செல்லும் வண்டி, பொன்னாலைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலத்தின் மேற்சென்று, வேலணை வழியாக 30 கிலோமீற்றருக்கும் மேல் சுற்றவேண்டும். நகர்ப்புறத்திலும் இதே நிலை சிறிய அளவில் உண்டு. தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும். கடவையோ சுற்றிப்போகும் இடத்தில் இருக்கும். ஆதலால் கூலிக்கு வீதிவழித் தூரத்தையே கொள்ளவேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மீற்றர் கணக்கில் தனித்தனிக் கூலி விதிப்பதே மிக நேரானது எனத் தோன்றலாம். ஆயினும் வாங்குபவர் தமது கூலி எவ்வளவு என்பதை முன்கூட்டி அறியவும் நினைவில் வைக்கவும் வேண்டும். அதன் பொருட்டே ஊரை வலயங்களாகப் பிரிப்பர். ஒரு கிலோமீற்றர் வரை முதலாம் வலயம். ஒன்று முதல் மூன்று வரை இரண்டாம் வலயம். மூன்று முதல் ஐந்து வரை மூன்றாம் வலயம். கொண்டாவில் இரண்டாவதிலும் உரும்பிராய் மூன்றாவதிலும் விழும். ஒரு வலயத்தின் சராசரித் தூரம் அதன் நடுப்புள்ளியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஏனெனில் வட்டம் விரிய விரிய வெளிப்புறத்தில் நிலமும் வீடுகளும் அதிகம். முதலாம் வலயத்துக்கு 0.7, இரண்டாவதற்கு 2.2, மூன்றாவதற்கு 4 கிலோமீற்றர் எனக் கொண்டால், செலவு முறையே 130, 220, 330 ரூபாய் அளவில் வருகின்றது.

இத்தொகை முழுவதையும் வாங்குபவரிடம் கேட்டால் அவர் கடையை மாற்றிக்கொள்வார். ஒரு பகுதியைச் சாமானின் இலாபத்திலிருந்து கடைக்காரர் தாங்கவேண்டும். எவ்வளவு தாங்கலாம்? நூறு ரூபாய்ச் சாமானில் சராசரி 12 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், கடைவாடகை, மின்சாரம், பழுதாகும் பொருள், கடைக்காரரின் சீவனம் ஆகியவற்றுக்கு 8 ரூபாய் போய்விடும். எஞ்சுவது 4 ரூபாய். கொண்டுசேர்ப்பதற்குக் கொடுக்கத்தக்க பங்கு அதுவே. மிச்சம் 12 ரூபாய் முழுவதையும் இதற்கென எண்ணிக்கொள்ளும் கடைக்காரர், வியாபாரம் பெருகப் பெருக நட்டப்படுவார்.

இப்போது ஆகக்குறைந்த கொள்வனவுத் தொகை தானாகவே வெளிப்படுகின்றது. வலயத்தின் செலவிலிருந்து அறவிடும் கூலியைக் கழித்து, மிகுதியை நூற்றுக்கு நான்கு என்னும் பங்கால் வகுக்கவேண்டும். முதலாம் வலயத்தில் கூலி 50 ரூபாய் எனில், மிகுதி 80 ரூபாய். அதனைத் தரவல்ல சாமானின் பெறுமதி 2,000 ரூபாய். இரண்டாம் வலயத்தில் கூலி 100 எனில் மிகுதி 120. ஆகக்குறைந்த தொகை 3,000. மூன்றாவதில் கூலி 170 எனில் மிகுதி 160, தொகை 4,000. கூலியைக் குறைத்தால் ஆகக்குறைந்த தொகை உயரும். தொகையைக் குறைத்தால் கூலி உயரும். ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றுதல் இயலாது. முதலாம் வலயத்தில் கூலியே வேண்டாம் என்று அறிவிக்க விரும்புபவர், 3,250 ரூபாய்க்குக் குறைந்த சாமானுக்கு அவ்வாறு அறிவித்தல் ஆகாது.

நூற்றுக்கு நான்கு என்பது பலவகைச் சாமான்களின் சராசரி என்பதும் மறக்கத்தக்கதன்று. சமையல் வாயுச் சிலிண்டரிலும் பால்மாவிலும் மிச்சம் சொற்பம். ஒரு சிலிண்டரை மட்டும் வாங்குபவர் ஆகக்குறைந்த தொகையை எளிதில் எட்டிவிடுவார். கடைக்கு அதில் வண்டிச்செலவும் தேறாது. ஆகவே இத்தகைய பொருள்களை அத்தொகையில் சேர்க்காமல் விடுவதும், விடுவதை வாங்குபவருக்கு முன்னரே காட்டுவதும் முறையாகும்.

வலயமுறையின் குறை எல்லைக்கோட்டிலே தென்படும். ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே இரு வீடுகள். ஒன்று கடையிலிருந்து 990 மீற்றர், மற்றையது 1,010 மீற்றர். உண்மைச் செலவில் வேறுபாடு 1 ரூபாய் 20 சதம் மட்டுமே. ஆனால் ஒருவருக்குக் கூலி 50, மற்றவருக்கு 100. ஒருவர் 2,000 ரூபாய்க்கு வாங்கினாற் போதும், மற்றவர் 3,000 ரூபாய்க்கு வாங்கவேண்டும். அயலவர் இருவரும் வேலியோரம் பேசிக்கொண்டால் கடைக்காரருக்கு நற்பெயர் நிலையாது. இதற்குப் பரிகாரம், கோட்டை ஒழுங்கையின் நடுவே ஓடவிடாது பெருவீதி, தண்டவாளம், தோட்டவெளி போன்ற இயல்பான எல்லைகளின் மேல் அமைத்தலாகும். மேலும், கைத்தொலைபேசி காட்டும் இடம் பத்து இருபது மீற்றர் பிசகுதல் சாதாரணம். எல்லையில் வாழ்பவருக்கு நேற்று 50 ரூபாயும் இன்று 100 ரூபாயும் காட்டினால், காரணம் பெரும்பாலும் இப்பிசகேயாகும். வீட்டின் படலையை ஒருமுறை சரியாகக் குறித்து, அதனையே நிரந்தரமாகப் பதிந்து வைத்தால் இத்தொல்லை நீங்கும்.

இனி, இக்கணக்கினால் வெளியே தள்ளப்படுபவர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். தனித்து வாழும் முதியவர் ஒருவர் 600 ரூபாய்க்குச் சீனியும் தேயிலையும் பருப்பும் கேட்கின்றார். கடைக்கு நடந்து வர இயலாதவர். படலைக்கு வரும் சாமான் எவரையும்விட அவருக்கே அவசியம். அவரது கொள்வனவு செலவுக்குத் தருவது 24 ரூபாய், கூலி 50. மொத்தம் 74 ரூபாய் வரச் செலவோ 130. செயலி மறுப்பது கணக்கின்படி சரிதான். மறுக்காமல் முழுச்செலவையும் அறவிட்டால் 106 ரூபாய் கேட்கவேண்டும். 600 ரூபாய்ச் சாமானுக்கு அது பாரமாகும்.

பல வீடுகளுக்கான சாமான்களை ஒரே ஓட்டத்தில் கொண்டுசென்றால் செலவு குறையும் என்பர். தொலைவிடத்துக்கு அது முற்றிலும் உண்மை. உரும்பிராய்க்கு மாலையில் நான்கு வீட்டுப் பொதிகள் ஒன்றாகப் போகுமானால், ஓட்டச்செலவான 240 ரூபாய் நான்காகப் பிரிந்து ஆளுக்கு 60 ஆகும். ஒழுங்கைகளில் திரிய 15, மாறாச்செலவு 90. ஆகமொத்தம் 165 ரூபாய். முன்பிருந்த 330 ரூபாய் பாதியாகிவிட்டது. கூலியை 105 ரூபாயாக்கி, ஆகக்குறைந்த தொகையை 4,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்கு இறக்கலாம். ஆனால் இரண்டு பொதிகளே சேருமாயின், அத்தொகைக்கு வாங்கும் ஒவ்வொருவராலும் 60 ரூபாய் நட்டம். எனவே குறித்த கிழமைகளில், குறித்த நேரத்தில் மட்டும் அவ்வோட்டத்தை வைத்தல் வேண்டும்.

அருகிலுள்ள முதியவருக்கு இவ்வழி அதிகம் உதவாது. அவர் வீட்டுக்கான 130 ரூபாயில் ஓட்டத்துக்குரியது 40 ரூபாயளவே; எஞ்சிய 90 கைவேலைக்குரியது. அதைக் குறைக்க ஒப்படைப்புகளின் தொகையைக் குறைக்கவேண்டும். அயலிலுள்ள மூன்று வீட்டார் தங்கள் 600, 700, 800 ரூபாய்ச் சாமான்களை ஒரே சீட்டில், ஒரே பொதியாக, ஒரே படலையில் பெற்றுக்கொண்டால், 2,100 ரூபாய் ஆகிவிடும். செயலி மறுக்காது; 50 ரூபாய்க் கூலியும் ஆளுக்கு ஏறத்தாழ 17 ரூபாயாகும். செயலியில் இத்தகைய கூட்டுச்சீட்டுக்கு இடம் வைப்பது, முதியவரைக் கடையின் வாடிக்கையிலே நிறுத்தும்.

கணக்குச் சரியா என்பதை மாதமுடிவிலே சோதிக்கலாம். ஒவ்வொரு வலயத்துக்கும் பெற்ற கூலியையும், விற்ற சாமானில் நூற்றுக்கு நான்கையும் கூட்டி ஒருபுறம் எழுதவேண்டும். அவ்வலயத்துக்கான உண்மைச் செலவை மறுபுறம் எழுதவேண்டும். முதலாம் வலயத்திலே செலவு மிஞ்சுமாயின் பெற்றோலின்மேற் பழிபோடுவதற்கு முன், படலையில் ஆள் காத்துநிற்கும் நிமிடங்களை எண்ணிப் பார்த்தல் நன்று. பத்து நிமிடமென்று எழுதியது பதினெட்டாகியிருந்தால், ஒரு பொதிக்கு 40 ரூபாய் அங்கேயே போய்விட்டிருக்கும்.