கேள்விக்குப் பத்துப் பேர்: அன்றும் இன்றும்

வினாப்பட்டியலைச் சரிபார்க்க எத்தனை பேரிடம் பதில் வாங்க வேண்டும்? அன்று இதற்கு விடை ஒரு பெருக்கல்தான். 1978-இல் வந்த நனலியின் உளவியல் அளவீட்டு நூல், காரணிப் பகுப்பாய்வுக்கு ஒரு கேள்விக்குப் பத்துப் பேராவது வேண்டும் என்றது. 1983-இல் கோர்சச் ஐந்து பேர் போதும், ஆனால் மொத்தம் நூறுக்குக் குறையக்கூடாது என்றார். கேள்விகளை எண்ணத் தெரிந்தால் போதும், கணக்கு முடிந்துவிடும்.

அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்பதை ஒரு மாணவியின் பட்டியலில் பார்த்தேன். மூன்று காரணிகள், காரணிக்குப் பத்தாக 30 கேள்விகள். விதிப்படி 300 பேர் வேண்டும். "அவ்வளவு பேர் கிடைக்கல மேடம், அதான் கேள்வியை 12 ஆக்கிட்டேன். இப்ப 120 பேர் போதும்ல?" என்றாள். நெறியாளரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

முன்னோட்ட ஆய்வில் அவளுடைய கேள்விகளின் காரணிச்சுமை 0.4 அளவில்தான் இருந்தது. அப்படியானால் ஒரே காரணியைச் சேர்ந்த இரு கேள்விகளுக்கிடையே எதிர்பார்க்கக்கூடிய ஒட்டுறவு 0.4 × 0.4, அதாவது 0.16. நூறு பேரிடம் அளந்தால் இந்த எண் மாதிரிக்கு மாதிரி ஏறத்தாழ −0.03-க்கும் 0.35-க்கும் இடையே ஆடும். உறவே இல்லாதது போலவும் தெரியலாம், நல்ல உறவு போலவும் தெரியலாம். சுமை 0.8 என்றால் ஒட்டுறவு 0.64. அதே நூறு பேரில் அது 0.5-க்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். இந்த ஆட்டத்தை முடிவுசெய்வது ஆட்களின் எண்ணிக்கையும் உறவின் வலுவும். பட்டியலில் எத்தனை கேள்விகள் என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஆனால் ஒரு காரணி ஒரே ஒட்டுறவில் நிற்பதில்லை, அதைத் தாங்கும் கேள்விகள் கூடினால் அதுவும் உறுதிப்படும். 1988-இல் குவாடக்னோலியும் வெலிசரும் செயற்கைத் தரவுகளை உருவாக்கி, ஆட்கள், சுமை, காரணிக்கான கேள்விகள் ஆகிய மூன்றின் விளைவையும் சோதித்தார்கள். சுமை 0.4 அளவில் இருந்தாலும் காரணிக்குப் பத்துக் கேள்விகள் இருந்தால் 150 பேர் போதும். கேள்விகள் சிலவே, சுமையும் குறைவு என்றால் 300 பேராவது வேண்டும். சுமை 0.6-க்கு மேல், காரணிக்கு நான்கு கேள்விகள் என்றால் சிறிய மாதிரியும் தாங்கும். 1999-இல் மக்கல்லம் குழுவினரின் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது.

மாணவியின் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். பழைய விதி 30 கேள்விக்கு 300 பேர் கேட்டது, உண்மையில் 150 போதும். 12 கேள்விக்கு அது 120 என்றது, காரணிக்கு நான்கே கேள்விகள், சுமையும் குறைவு என்பதால் உண்மையில் 300 வேண்டும். ஆளைக் குறைக்கக் கேள்வியை வெட்டியதே தவறு. வெட்டிய கேள்விகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன்.

இன்றும் ஆய்வேடுகளில் "கேள்விக்குப் பத்துப் பேர்" என்ற ஒரே வரிதான் மாதிரி அளவுக்குக் காரணமாக எழுதப்படுகிறது. ஆய்வு மாணவர்களே, அந்த வரிக்குப் பதிலாக எதிர்பார்க்கும் சுமை எவ்வளவு, காரணிக்கு எத்தனை கேள்விகள், இந்த இரண்டும் எந்த முன்னோட்டத்திலிருந்து வந்தன என்று எழுதுங்கள்.