எஃப்.சி. முடிந்த வண்டிக்கு இழப்பீடு கிடையாதா?

'பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போனேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் போக்குவரத்து நின்றதால் என் பிக்கப்பையும் நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. சர்வேயர் 1,20,000 ரூபாய் சேதம் என்று எழுதினார். ஆனால், எஃப்.சி. முடிந்து 19 நாள் ஆகிவிட்டது, பெர்மிட்டும் இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. என்ன பதில் எழுதுவது?' என்று தர்மபுரி மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கடிதத்தில் இருப்பது இரண்டு காரணங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் எழுதினால் வேலைக்கு ஆகாது.

முதலில் பெர்மிட். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். அது 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 66-ம் பிரிவின் 3-வது உட்பிரிவுப்படி பெர்மிட்டே தேவையில்லை. நம் ஊரில் ஓடும் சின்ன யானை வண்டிகளும், பல பிக்கப்களும் இந்த அளவுக்குள்தான் வரும். இந்த வாசகரின் ஆர்.சி.யில் 2,900 கிலோ என்று இருக்கிறது. ஆகவே, ஆர்.சி. நகலை இணைத்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினால் அந்தக் காரணம் அங்கேயே விழுந்துவிடும். 3,000 கிலோவைத் தாண்டிய வண்டிக்கு இந்தப் பதில் பொருந்தாது.

எஃப்.சி. விஷயம் அவ்வளவு சுலபமில்லை. 56-ம் பிரிவுப்படி, எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி, முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. நிறுவனங்கள் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். தற்காலிகப் பதிவு முடிந்த பிறகு விபத்துக்குள்ளான ஒரு வண்டிக்கு இழப்பீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்ன தீர்ப்பையும் எடுத்துப் போடுவார்கள். உங்கள் வண்டிக்கு நிரந்தரப் பதிவு இருக்கிறது, முடிந்தது எஃப்.சி. மட்டுமே என்ற வித்தியாசத்தைப் பதிலில் தெளிவாக எழுதுங்கள்.

அடுத்து, எஃப்.சி. முடிந்ததற்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று காட்ட வேண்டும். இதற்கு நம் வாய்ச்சொல் போதாது. விபத்துக்குப் பிறகு போலீஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து ஓர் அறிக்கை தருவார். பிரேக், ஸ்டீயரிங் எப்படி இருந்தன, விபத்து இயந்திரக் கோளாறால் நடந்ததா என்பது அதில் இருக்கும். பலர் முதல் தகவல் அறிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த அறிக்கையின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். நின்ற வண்டியின் பின்னால் லாரி மோதியது என்று முதல் தகவல் அறிக்கையும், இயந்திரக் கோளாறு இல்லை என்று ஆய்வாளர் அறிக்கையும் சொன்னால் உங்கள் பக்கம் பலமாகும். பிரேக் பிடிக்காமல் நீங்களே போய் மோதியிருந்தால் இந்த வாதம் நிற்காது.

பதிலின் சாரம் இப்படி இருக்கலாம்: 'எஃப்.சி. 19 நாள் முன்பு முடிந்தது உண்மை. அது இந்த விபத்துக்குக் காரணமல்ல. ஆய்வாளர் அறிக்கை இணைத்துள்ளேன். முழுத் தொகை தர இயலாது என்றால், உச்ச நீதிமன்றம் 2010-ல் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் (4 எஸ்.சி.சி. 536) ஏற்ற 'நான்-ஸ்டாண்டர்டு' முறையிலாவது தீர்வு செய்ய வேண்டும்.' சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்ட வழக்கு அது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டாலும் கோரிக்கையை முழுதாகத் தள்ளக் கூடாது என்று தீர்ப்பானது. அந்த முறையில் 75 சதவிகிதம் வரை கேட்கலாம். வாசகரின் கணக்கில் 90,000 ரூபாய். கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன், நியாயமாகக் கேட்கக்கூடிய தொகை இது. எஃப்.சி. தேதியை மறைப்பதோ, முன்தேதியிட்டு வாங்கப் பார்ப்பதோ இருக்கிற வாய்ப்பையும் கெடுத்துவிடும். காலாவதிக்கு முன்பே கட்டணம் கட்டிய ரசீது இருந்தால் அதையும் சேருங்கள்.

பதிலை நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மீண்டும் மறுத்தாலோ சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அல்லது தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது குறைதீர்ப்பாளர் மனுவை எடுக்க மாட்டார்.

பலருக்கும் தோன்றாத வழி இன்னொன்று. தவறு லாரியுடையது என்றால், வண்டிச் சேதத்தை அந்த லாரியின் உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம் மீது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது நல்லது. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது.

உங்கள் வண்டி மோதி மற்றவருக்கு அடிபட்டிருந்தால் கதை வேறு. தேவையான பெர்மிட் இல்லாத லாரி மோதிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல், இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல், அன்றே வழக்கறிஞரிடம் எடுத்துப் போங்கள்.