தலை மட்டும் வேறு: குழுப் படத்தில் ஓர் ஒட்டு வேலை

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பழைய படம் ஒன்று உள்ளது. உள்நாட்டுப் போரின் தளபதி கிராண்ட், சிட்டி பாயிண்ட் என்ற ஊரில் படைகளின் முன் குதிரை மேல் அமர்ந்திருக்கிறார். ஆராய்ந்து பார்த்தபோது, தலை மட்டுமே கிராண்டுடையது என்று தெரிந்தது. உடலும் குதிரையும் மக்குக் என்ற மற்றொரு தளபதிக்கு உரியவை. பின்னால் நிற்போர் அவருடைய படையினர் அல்லர். பிடிபட்ட எதிரிப் படைக் கைதிகள்! மூன்றும் 1864-இல் எடுத்த மூன்று வெவ்வேறு படங்கள். தலை உடலோடு பொருந்தாத கோணத்தில் அமைந்திருந்ததும் குட்டை வெளிப்படுத்திய தடயங்களுள் ஒன்று.

இன்று இவ்வேலை பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடு செய்யப்படுகிறது. குழுப் படத்தில் யாரேனும் ஒருவர் கண் மூடிவிடுவது இயல்பு. அவருடைய தலையை அடுத்த படத்திலிருந்து எடுத்துப் பொருத்துகிறார்கள். இதற்கு என்னென்ன ஒத்துப்போக வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் மேற்கு நோக்கியது. தை மாதத்தில் மாலை 4 மணிக்கு, கோயிலைப் பின்னணியாகக் கொண்டு ஒரு குடும்பம் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காமிராவை நிறுத்துகாலில் அசையாது வைத்து ஆறு படங்கள் எடுக்கிறார்கள். மூன்றாவது படத்தில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். பாட்டி மட்டும் கண் மூடியிருக்கிறார். ஐந்தாவதில் அவர் கண் திறந்திருக்கிறது. ஆனால் வலப்புறம் நிற்கும் பேரனை நோக்கித் தலையைத் திருப்பியிருக்கிறார். நான்காவதில் நேராகப் பார்க்கிறார். ஆனால் அப்போது சூரியனை மெல்லிய மேகம் மறைத்துவிட்டது. எதை எடுப்பது?

முதலில் கழுத்தைப் பாருங்கள். காதின் பின்புறத்திலிருந்து மார்பெலும்பின் மேல்முனை வரை இருபுறமும் ஒவ்வொரு நீண்ட தசை சாய்வாக இறங்குகிறது. தலையை வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கத் தசை புடைத்து நிற்கும். கண்ணாடி முன் நின்று நீங்களே இதைச் சோதிக்கலாம். ஐந்தாம் படத்தின் தலையை மூன்றாம் படத்தின் நேரான கழுத்தில் வைத்தால், முகம் திரும்பியிருக்கும், தசையோ திரும்பாதிருக்கும். காரணம் சொல்லத் தெரியாதவர்க்கும் அது உறுத்தும். தலை தோள் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் சில பாகை சுழற்றிச் சரிசெய்யலாம். ஆனால் திரும்பிய முகத்தை நேராக்க முடியாது. மறைந்த கன்னம் படத்தில் பதியவே இல்லையே! ஐந்தாம் படத்தையே எடுக்க வேண்டுமானால், தலையோடு கழுத்தையும் சேர்த்தெடுத்து, இரவிக்கையின் கழுத்தோரத்தில் ஒட்டைச் செய்ய வேண்டும்.

நான்காம் படம் கழுத்துக்குப் பொருந்துகிறது, ஒளியோ பொருந்தவில்லை. தை மாதத்தில் சூரியன் தென்மேற்கில் சாய்வதால், மேற்கு நோக்கி நிற்போரின் இடக் கன்னம் வெளிச்சமாகவும், மூக்கின் நிழல் வலக் கன்னத்தில் கூரிய விளிம்போடும் விழும். மேகம் மறைத்தால் ஒளி பரவலாகி, அந்நிழல் மங்கிக் கரைந்துவிடும். முகத்தை எவ்வளவு பிரகாசமாக்கினாலும் இல்லாத நிழல் வராது. படத்தை இட வலமாகப் புரட்டுவதும் தீர்வன்று: மச்சமும் மூக்குத்தியும் பக்கம் மாறிவிடும்.

ஆகவே ஆறாம் படத்துக்குச் செல்வோம். அதில் பாட்டி நேராகப் பார்க்கிறார்; மேகம் விலகி நிழல் மீண்டும் கூர்மையாகிவிட்டது; ஒளி மட்டும் சிறிது வேறுபடுகிறது. இனித் தோலின் நிறம். இங்கே ஒரு வசதி உண்டு: மூன்றாம் படத்திலும் பாட்டியின் முகம் இருக்கிறதல்லவா? கண் மூடிய அந்த முகமே நமக்கு அளவுகோல். இரண்டிலும் நெற்றியின் ஒரே இடத்தைக் கணினியில் அளக்க வேண்டும். ஆறாம் படத்தில் சிவப்பு 180, பச்சை 135, நீலம் 105 என்றும், மூன்றாம் படத்தில் முறையே 162, 124, 100 என்றும் இருக்கட்டும். வகுத்தால் 0.90, 0.92, 0.95 கிடைக்கும். புதிய தலையின் மூன்று நிறங்களையும் இவற்றால் பெருக்கினால் நெற்றி ஒத்துப்போகும். மூன்றையும் ஒரே எண்ணால் பெருக்கியிருந்தால் வெளிச்சம் குறையும்; சிவப்பு மட்டும் மிஞ்சி நிற்கும். பிறகு நிழலிலுள்ள கன்னத்தையும் அளந்து பாருங்கள். அங்கே பொருந்தாவிட்டால் ஒளியின் தன்மையே வேறு என்று பொருள். அந்தப் படத்தைக் கைவிடுவதே நல்லது.

ஒட்டும் கோடு தாடையின் கீழுள்ள நிழலில் ஓடினால் கண்ணுக்குப் படாது. பழைய தலையின் முடியோ காதோரமோ புதியதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அவ்விடத்துப் பின்னணியையும் ஆறாம் படத்திலிருந்தே எடுக்கலாம். காமிரா அசையாததால் கற்கள் சரியாகப் பொருந்தும்.

ஒரு படத்தில் ஐயம் எழுந்தால் நீங்களும் இதே வரிசையில் சோதியுங்கள். கழுத்துத் தசையும் முகமும் ஒரே திசை சொல்கின்றனவா? எல்லார் மூக்கு நிழலும் ஒரே பக்கம் விழுகின்றனவா? நெற்றியின் நிறமும் கழுத்தின் நிறமும் உறவாடுகின்றனவா? ஒருவரிடம் மட்டும் இம்மூன்றில் ஒன்று முரண்பட்டால், அத்தலை வேறொரு நொடியில் பதிந்ததாக இருக்கலாம்.